காசி–கயா பேக்கேஜ்: மூன்று நோட்டீஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

காசி யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் நோட்டீஸ்கள் மேல்பாதியில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். விசுவநாதர் படம், நாள் கணக்கு, கொட்டை எழுத்தில் விலை. வித்தியாசம் முழுக்க கீழ்ப்பாதியில், பொடி எழுத்தில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களை அனுப்ப நினைக்கிறவர்கள் பெரும்பாலும் விலையை வைத்து ஒப்பிடுகிறார்கள். நான் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயம்: கயாவில் சிராத்தம் செய்யும் நாளுக்கு முந்தின இரவு எங்கே தங்க வைக்கிறார்கள்?

ஒப்பிட ஒரு ஆளும் தேவையும் வேண்டும் அல்லவா? சென்னையில் இருக்கும், அறுபது கடந்த ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பிரயாகையில் சங்கம ஸ்நானம், கயாவில் பித்ரு காரியம், காசியில் மூன்று இரவாவது தங்கல், இதுதான் அவர்கள் கேட்பது. அவர்கள் முன்னால் பொதுவாக மூன்று வகை பேக்கேஜ் இருக்கும். ஒன்று, ஐஆர்சிடிசி நடத்தும் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில். இரண்டு, ஊர் டூர்காரர் சமையல்காரரையும் கூட அழைத்துக்கொண்டு வழக்கமான ரயிலில் கூட்டிப்போவது. மூன்று, விமானத்தில் போகும் சிறு குழு.

பத்து நாளும் ஆறு நாளும் ஒன்றுதான்

டூர்காரரின் ரயில் பேக்கேஜ் "9 இரவு 10 நாள்" என்று இருக்கும். விமானத்தில் போனால் "5 இரவு 6 நாள்". பத்து நாள் என்றதும் நிதானமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து காசிப் பக்கம் போக ரயிலில் இரண்டு இரவு, திரும்ப இரண்டு இரவு. அதைக் கழித்தால் வடக்கே தங்குவது ஐந்து இரவுதான். விமானக்காரர் தருவதும் அதே ஐந்து இரவு. ஆக, கூடுதல் பணம் போவது ரயிலில் உட்காரும் நான்கு இரவுகளைத் தவிர்க்க மட்டுமே. முட்டி வலி உள்ளவருக்கு அது பெரிய விஷயம். ரயிலில் பஜனை பாடிக்கொண்டு கும்பலாகப் போவதுதான் யாத்திரை என்கிறவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

இந்த ஐந்து இரவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் நல்ல பேக்கேஜும் சுமாரானதும் பிரிகின்றன. எனக்குப் பிடித்த பிரிவு இது. ரயில் பிரயாகையை நெருங்கும் மூன்றாம் நாள் அங்கேயே தங்கல். நான்காம் நாள் காலை சங்கமத்தில் ஸ்நானம், தம்பதியாக வேணி தானம், சாப்பிட்டுவிட்டு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காசிக்கு வந்துவிடுவது. ஐந்தாம் நாள் முழுக்கக் காசி. ஆறாம் நாள் காலையிலும் கங்கையில் குளித்து, மதியத்துக்கு முன்பே கயாவுக்குக் கிளம்பி அங்கே இரவு தங்கல். ஏழாம் நாள் காலை சிராத்தம், மாலையில் காசி திரும்பல். எட்டாம் நாள் ரயில். பிரயாகையில் ஒன்று, கயாவில் ஒன்று, காசியில் மூன்று. விட்டுவிட்டு வந்தாலும் மூன்று மூன்றுதான்.

இதில் அயோத்தியையும் சேர்த்துவிட்டார்கள் என்றால் உஷாராக வேண்டும். 2024 ஜனவரியில் ராமர் கோயில் பிராண பிரதிஷ்டை ஆனதிலிருந்து அயோத்தி இல்லாத நோட்டீஸையே பார்க்க முடிவதில்லை. காசியிலிருந்து அது 200 கிலோமீட்டருக்கு மேல். நாள் கூட்டாமல் அயோத்தியைச் சேர்த்தால், அந்த நேரம் வேறு எங்கிருந்தோ பிடுங்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கயாவிலிருந்துதான்.

கயா இரவு

பிடுங்கினால் நோட்டீஸில் அது எப்படித் தெரியும்? "அதிகாலை கயா புறப்பாடு, பிண்டதானம், புத்த கயா தரிசனம், இரவு காசி திரும்புதல்" என்று ஒரே நாளில் எழுதியிருப்பார்கள். காசியிலிருந்து கயா ஏறக்குறைய 250 கிலோமீட்டர், பேருந்தில் ஐந்து ஆறு மணி நேரம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினாலும் ஒன்பது மணிக்கு முன்னால் போய்ச் சேருவது சந்தேகம். கயா சிராத்தம் ஓரிடத்தில் உட்கார்ந்து முடிக்கிற காரியம் இல்லை. பல்குனி நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சய வடம் என்று மூன்று இடத்தில் பிண்டம் போட வேண்டும். அதுவரை சாப்பிட மாட்டார்கள். ஒன்பதுக்கு மேல் ஆரம்பித்தால் முடிய மதியம் தாண்டிவிடும். சர்க்கரை உள்ளவரை அப்படி உட்கார வைத்துவிட்டு மறுபடி ஆறு மணி நேரம் பேருந்தில் ஏற்றுவது கொடுமை.

முந்தின இரவே கயாவில் தங்கினால் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் எழுந்துவிடலாம். (பல்குனியில் தண்ணீர் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: மணல் தோண்டி நீர் எடுத்த காலம் போய்விட்டது. விஷ்ணுபாதம் அருகே 2022-இல் ரப்பர் அணை கட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள்.)

பாரத் கௌரவ் ரயிலின் விஷயம் கொஞ்சம் வேறு. பல ஊர்களை இணைக்கும்போது ராத்திரியில் ரயில் ஓடுகிறது, பகலில் ஊரைப் பார்க்கிறோம். மூட்டை முடிச்சுகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு இறங்கலாம், அது ஒரு பெரிய வசதி. ஆனால் சில நூறு பேர் ஒரே ரயிலில் இறங்கி, பேருந்துகளில் ஏறி, குறித்த நேரத்தில் திரும்ப வேண்டும். இந்த அமைப்பு தரிசனத்துக்கு நன்றாகப் பொருந்தும். பித்ரு காரியத்துக்கு, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். புரி, கோனார்க் எல்லாம் சேர்ந்திருந்தால் கயாவுக்குக் கிடைப்பது சொற்பம்.

சேர்ந்தவை, சேராதவை

சாப்பாடு மூன்றிலும் சேர்ந்திருக்கும். டூர்காரரின் சமையல் இதில் அடித்துக்கொள்ள முடியாதது. கயாவில் ரசம் சாதம் கிடைப்பதற்கே சிலர் அந்தப் பேக்கேஜை எடுப்பார்கள். விமானப் பேக்கேஜில் "காலை, இரவு உணவு" என்று மட்டும் போட்டிருந்தால் மதியச் சாப்பாடு உங்கள் செலவு.

தங்குமிடத்தில் பார்க்க வேண்டியது ஏசியை மட்டும் அல்ல. காசியில் பெரிய பேருந்து கோதௌலியா பக்கம், படித்துறைச் சந்துகளுக்கு வரவே வராது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் அருகே ஓட்டல் போட்டால் கங்கைக்கு நான்கைந்து கிலோமீட்டர். ஒவ்வொரு ஸ்நானத்துக்கும், ஒவ்வொரு ஆரத்திக்கும் இ-ரிக்‌ஷா பிடித்து, இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டும். அந்த ரிக்‌ஷா காசு பொடி எழுத்துப் பட்டியலில் இருக்கும். "கங்கை அருகில்" என்றால் எந்தப் படித்துறைக்கு அருகில் என்று பேர் சொல்லச் சொல்லுங்கள். அனுமன் காட், கேதார் காட் என்று பதில் வந்தால் நம் ஆட்கள் புழங்கும் இடம், நடந்தே போகலாம். நகரத்தார் சத்திரம் போன்ற இடங்களில் தங்கவைக்கும் குழுக்களும் உண்டு. அறை எளிமையாக இருக்கும், இருப்பிடம் அருமை.

சேராதவற்றில் படகு, நுழைவுச்சீட்டு, கூலியாள், டிப்ஸ் ஆகியவை சில்லறைதான். பெரியது வாத்தியார் செலவு. "சிராத்த ஏற்பாடு செய்து தரப்படும்" என்று மேலே இருக்கும், "வைதீகச் செலவு தனி" என்று கீழே இருக்கும். இரண்டும் பொய்யில்லை; வாத்தியாரை அறிமுகம் செய்துவைப்பதுதான் ஏற்பாடு. பிரயாகை, காசி, கயா மூன்றுக்கும் சேர்த்தால் ஒரு தம்பதிக்கு பத்தாயிரம் சுலபமாகத் தாண்டும். தட்சணை, தானங்கள், சமையல், படகு எல்லாம் அடக்கமா என்று முன்கூட்டியே ஒரு தொகையைப் பேசி எழுதி வாங்குவது நல்லது. காரியம் நடக்கும்போது பேரம் பேச யாருக்கும் வாய் வராது.

இன்னொரு வரி, "இயற்கைச் சூழல், ரயில் தாமதத்தால் ஏற்படும் செலவு பயணியுடையது". கோடையில் படித்தால் சாதாரண வரி. டிசம்பர் கடைசி, ஜனவரியில் வடக்கே மூடுபனி வந்தால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், விமானம் ரத்தாகும், ஒரு நாள் ஓட்டல் செலவு கைக்காசு. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருக்கெடுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். மகாளய பட்சத்தில் கயாவுக்குப் போவது விசேஷம்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் கயா இரவு இல்லாத பேக்கேஜை எடுக்கவே கூடாது.

கடைசித் தேதி

மூன்று நோட்டீஸிலும் "முன்பதிவுக்குக் கடைசி நாள்" இருக்கும். ஆனால் அதற்குப் பொருள் மூன்றிலும் வேறு வேறு.

டூர்காரர் போவது வழக்கமான ரயில். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அதனால் அவருக்கு உங்கள் பெயர், வயது, அடையாள அட்டை விவரம் அந்த நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு 30 நாள் முன்பு வரை சேரலாம் என்று போட்டிருந்தால், உங்களுக்கு இருப்பது காத்திருப்போர் பட்டியலா, உறுதியான படுக்கையா என்று கேளுங்கள். கீழ்ப்படுக்கை விஷயமும் அதோடு முடிந்துவிடும். விமானக் குழுவில் கடைசித் தேதி என்பது டிக்கெட் போடும் நாள். அதற்குப் பிறகு பெயர் மாற்றம், ரத்து எல்லாம் விமானக் கம்பெனியின் விதிப்படி நடக்கும். பாரத் கௌரவில் ரயிலே அவர்களுடையது என்பதால் இடம் இருக்கும் வரை சேரலாம்.

ஆகவே சேரும் தேதியைவிட விலகும் தேதிகளைக் காலண்டரில் குறிப்பது மேல். ஐஆர்சிடிசி ரயில் சுற்றுலாக்களில் வழக்கமான கணக்கு இது: 15 நாளுக்கு முன்பே ரத்து செய்தால் தலைக்கு 250 ரூபாய் பிடித்தம், 14 முதல் 8 நாளுக்குள் 25 சதவீதம், 7 முதல் 4 நாளுக்குள் பாதி, அதற்கும் பிறகு எதுவும் திரும்பாது. கணக்குக்காக ஒருவருக்கு 21,000 என்று வைத்தால், தம்பதிக்கு 42,000. பத்து நாள் இருக்கும்போது ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் இருவரும் நின்றால் 10,500 போகும். ஐந்து நாள் இருக்கும்போது நின்றால் 21,000. டூர்காரரிடம் இந்த அட்டவணை எழுத்தில் இல்லையென்றால் முன்பணம் கொடுக்கும் ரசீதின் பின்பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். "பார்த்துச் செய்யலாம்" என்பது விதி அல்ல.

இந்தத் தம்பதிக்கு நான் சொல்வது, கயா இரவு இருக்கிற டூர்காரரின் பேக்கேஜ். முட்டி ஒத்துழைக்காவிட்டால் அதே பிரிவுள்ள விமானக் குழு. சிராத்தம் ஏற்கெனவே முடித்தவர்கள், தரிசனம் மட்டும் போதும் என்பவர்கள் பாரத் கௌரவில் குறைந்த செலவில் நிறைய ஊர் பார்க்கலாம். கையில் வசதி இல்லாத 60 முதல் 70 வயதுக்காரர்கள், தமிழக அறநிலையத்துறையின் இராமேசுவரம்–காசி பயணத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது முழுக்க இலவசம், ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதன் அறிவிப்புக்கும் கடைசித் தேதி உண்டு, மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.