ஒரே மாதத்தில் இரண்டு இஎம்ஐ: பணத்தை ஃபைனான்ஸில் கேட்பதா, வங்கியில் கேட்பதா, அடுத்த மாதத்துக்கு விடுவதா?

இரண்டு தவணை பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு சொந்த வங்கிக்கு ஓடுவதுதான் நம் ஊர் வழக்கம். அங்கே ஃபைனான்ஸ் ஆபீஸைக் காட்டுவார்கள். ஃபைனான்ஸில் கேட்டால், "அடுத்த மாசத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ணா" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். இந்த மூன்றில் எது எப்போது பலிக்கும் என்பதை, என் மைத்துனர் விஷயத்தை வைத்தே பார்க்கலாம்.

வீடு குடியாத்தத்தில், வேலை ஆம்பூர் ஷூ கம்பெனியில். மூன்று லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 48 மாதம்; தவணை 8,198 ரூபாய். பிடிக்கும் தேதி 5, சம்பளம் வருவதோ 7. அந்த மாதம் 5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆனது. 7ஆம் தேதி சாயந்திரம் கலெக்‌ஷன் ஆள் போன் செய்து லிங்க் அனுப்ப, இவரும் யூபிஐயில் கட்டிவிட்டார். தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அனுமதிதான் மேண்டேட்; 10ஆம் தேதி அதே தவணைக்கு அதை மறுபடி போட்டார்கள். இப்போது கணக்கில் பணம் இருந்ததால் அதுவும் போய்விட்டது.

இரட்டைப் பிடித்தங்களில் இந்த வகை ரொம்ப சகஜம். காரணமும் எளிது. பவுன்ஸ் ஆன தவணையை மறுபடி வசூலிக்கும் பட்டியல் முன்கூட்டியே தயாராகி வங்கிக்குப் போய்விடும். லிங்க் அனுப்புகிற கலெக்‌ஷன் ஆளுக்கு அந்தப் பட்டியல் தெரியாது; பட்டியலுக்கு யூபிஐயில் வந்த பணம் தெரியாது.

கிளம்பும் முன் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று வங்கி ஸ்டேட்மெண்ட், இன்னொன்று லோன் கணக்கின் ஸ்டேட்மெண்ட். வங்கியில் இரண்டு பிடித்தம், லோன் கணக்கிலும் இரண்டு வரவு என்றால் பணம் கடன் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது. மைத்துனர் கணக்கில் 7ஆம் தேதி வரவு தவணையை முடித்திருந்தது; 10ஆம் தேதி வரவு உபரியாக நின்றது. லோன் கணக்கில் ஒரே வரவு மட்டும் தெரிந்தால் பணம் நடுவில் எங்கோ நிற்கிறது. அப்போது யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்தான் கை கொடுக்கும். போன மாதம் பவுன்ஸ் ஆன தவணையை இந்த மாதம் சேர்த்துப் பிடித்திருந்தால் அது இரட்டைப் பிடித்தமே இல்லை. சண்டைக்குப் போகிற பாதிப்பேர் திரும்பி வருவது இதில்தான்.

சரி, வங்கியால் என்ன முடியும்? நீங்கள் கையெழுத்துப் போட்ட மேண்டேட் உயிரோடு இருக்கும்வரை, அதன்படி வந்த கோரிக்கைக்குப் பணம் கொடுப்பது வங்கியின் வேலை. கொடுத்து முடித்த பணத்தை நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக இழுத்து வர வங்கியால் முடியாது. கவுண்டரில் "பணம் எங்ககிட்ட இல்ல சார்" என்று சொல்வது தட்டிக்கழிப்பு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் உண்மை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். மேண்டேட்டை வங்கியிலேயே ரத்து செய்துவிட்டீர்கள், அதற்குப் பிறகும் பணம் போனது என்றால் பொறுப்பு உங்கள் வங்கியுடையது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி மறுநாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தாமதிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும். ஸ்டேட்மெண்டில் ACH அல்லது NACH என்று வருகிற இரண்டு வரிகளிலும் மேண்டேட் எண் வேறு வேறாக இருந்தால், பழைய மேண்டேட்டும் புதியதும் சேர்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். அப்போதும் பழையதை ரத்து செய்ய வங்கிக்குப் போவதில் பயன் உண்டு. ஆனால் ஏற்கெனவே போன பணத்தை ஃபைனான்ஸில்தான் கேட்க வேண்டும்.

கோபத்தில் இருக்கிற ஒரே மேண்டேட்டையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். அடுத்த தவணை பவுன்ஸ் ஆகும், இரண்டு பக்கமும் கட்டணம் ஏறும், நியாயம் நம் பக்கம் இருந்தும் கணக்கில் நாம் பாக்கிதாரர் ஆகிவிடுவோம்.

ஆக மைத்துனருக்கு வழி ஃபைனான்ஸ் ஆபீஸ்தான். வேலூரில் காட்பாடி ரோட்டுக் கிளைக்குப் போனபோது, எதிர்பார்த்தபடியே அட்ஜஸ்ட் பேச்சு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், உபரி ஓரமாக நிற்கும். 5ஆம் தேதி மேண்டேட்டும் வழக்கம்போல வங்கிக்குப் போகும். அந்த மாத வசூலை நிறுத்தி வைக்கும்படி யாராவது சிஸ்டத்தில் போட்டால்தான் அட்ஜஸ்ட் உண்மையாகும். போடாவிட்டால் மூன்றாவது தவணையும் போகும். இந்த வழியை எடுத்தால், அடுத்த தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, "இந்த மாதம் வசூலுக்கு அனுப்ப மாட்டோம்" என்று மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் இந்த வழியைப் போல மோசமானது வேறில்லை.

உபரியை அசலில் கழிக்கச் சொல்வது இன்னொரு வழி. அட்ஜஸ்டும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. ஓரமாக நிற்கிற உபரிக்கு வட்டி குறையாது. அசலில் கழித்தால், மைத்துனருக்கு மீதமிருந்த 30 மாதத்தில் அந்த 8,198 ரூபாய் சுமார் 3,370 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்தும். தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்தால் வருகிற கணக்கு இது. கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதற்குக் கட்டணம் உண்டா, இத்தனை மாதத்துக்குப் பிறகுதான் என்ற நிபந்தனை உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

மைத்துனருக்கோ பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் நெருக்கடி. ரீஃபண்ட்தான் வேண்டும். எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"என் கடன் கணக்கில் இந்த மாதத் தவணை 8,198 ரூபாய், 7ஆம் தேதி யூபிஐ மூலமும், 10ஆம் தேதி மேண்டேட் மூலமும் இரண்டு முறை வரவாகியுள்ளது. இரண்டாவது தொகையைத் தவணையிலோ அசலிலோ சேர்க்காமல், இணைத்துள்ள வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். ஏதாவது பிடித்தம் செய்தால் விவரம் எழுத்தில் தரவும்."

கூடவே இரண்டு ஸ்டேட்மெண்டும், யூபிஐ எண்ணும், பாஸ்புக் முதல் பக்க நகலும். கிளையில் சீல் வைத்த நகல் வாங்கியதோடு, அதையே குறைதீர் அதிகாரிக்கும் மெயிலில் அனுப்பினோம். அவர் பெயரும் முகவரியும் கிளைப் பலகையிலேயே இருக்கும். கடைசி வரிக்குப் பலன் இருந்தது. நெஃப்டில் வந்தது 7,608 ரூபாய். குறைந்த 590 ரூபாய், 5ஆம் தேதி பவுன்ஸுக்கான கட்டணம். அந்த பவுன்ஸ் நிஜமாகவே நடந்தது, அதனால் பேசாமல் விட்டோம். 10ஆம் தேதி வசூலுக்கும் ஒரு கட்டணம் போட்டிருந்தால் விட்டிருக்க மாட்டோம்.

எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகார் பதியக் கட்டணம் கிடையாது, சந்தேகத்துக்கு 14448. ஃபைனான்ஸுக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் புகாரைத் தள்ளிவிடுவார்கள். சீல் வைத்த அந்த நகலும் மெயிலும் அங்கேதான் தேவைப்படும்.