கேன்டீன் கேஸ் பேங்க் போடப் போறீங்களா, "ரெண்டு நாளைக்கு வரும்"ங்கிற கணக்க மட்டும் நம்பிறாதீங்க

ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரி கேன்டீன் நம்ம பொறுப்புல ஓடுது, ஒரு நாளைக்கு சுமார் 1500 பேர் சாப்பிடுவாங்க. புது கிச்சனுக்கு கேஸ் லைன் போட்டுக்குடுத்த ஆளு எங்கள எப்படி ஏமாத்துனாருன்னு சொல்றேன், இதே கொட்டேஷன் வேற யாருக்காவது வந்திருந்தா உதவும்.

அவரு கேட்டது ஒரே கேள்விதான், ஒரு நாளைக்கு எவ்வளவு கேஸ் எரியுதுன்னு. 60 கிலோன்னு சொன்னோம். உடனே 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் இந்தப்பக்கம் 6, ரிசர்வுக்கு அந்தப்பக்கம் 6 வெச்சு, எல்லாத்தையும் ஒரே பைப்புல சேக்குற மேனிஃபோல்ட் போட்டா ஒரு பக்கமே 114 கிலோ, கிட்டத்தட்ட ரெண்டு நாளைக்கு வரும் சார்னு முடிச்சுட்டாரு. எத்தனை அடுப்பு, ஒரே நேரத்துல எத்தன எரியும், எத்தன மணிக்கு சமையல்னு ஒரு வார்த்த கேக்கல.

ஆனா இதுல கணக்கு ரெண்டு இருக்கு. எத்தன நாளைக்கு ஸ்டாக் வரும்ங்கிறது ஒண்ணு, மணிக்கு எத்தன கிலோ ஆவியாகி வெளிய வரும்ங்கிறது இன்னொண்ணு. சிலிண்டருக்குள்ள இருக்கிறது திரவம், அது கேஸா மாற சூடு வேணும், அந்த சூட்ட வெளிக்காத்துல இருந்து சிலிண்டர் தகடு வழியாத்தான் இழுக்கணும். தொடர்ந்து எரிச்சா ஒரு 19 கிலோ சிலிண்டர் மணிக்கு அரை கிலோ அளவுக்குத்தான் குடுக்கும், குளிர்ல அதுவும் குறையும். ஆறு சிலிண்டர்னா 3 கிலோ. எங்களுக்கு காலைல இட்லி பாய்லர், சோத்து அடுப்பு, சாம்பார் அடுப்பு எல்லாம் சேந்து எரியறப்ப மணிக்கு 10 கிலோ வேணும். ரெண்டு பக்கத்தையும் திறந்து விட்டாக்கூட 6 கிலோதான், அப்புறம் ரிசர்வுன்னு ஒண்ணு இல்ல.

அவரு டெமோ காட்டுனது மத்தியானம், வெயில்ல, எல்லாம் ஃபுல் சிலிண்டர், எல்லா பர்னரையும் பத்தவெச்சு பத்து நிமிஷம். ஜோரா நீலமா எரிஞ்சுது. ஃபுல் சிலிண்டர்ல திரவம் ஏற்கனவே வெதுவெதுப்பா இருக்கும், அந்த சூட்ட வெச்சு கொஞ்ச நேரம் நிறைய குடுத்துரும். இத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறவருக்கு இது தெரியாம இருக்காது.

மார்கழில விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்பு பத்தவெச்சா முக்கால் மணி நேரத்துல சுடர் குட்டையாயிரும். போய் பாத்தா சிலிண்டர்ல பாதி உயரம் வரைக்கும் வெள்ளையா பனி படிஞ்சு நிக்கும், அதுக்கு மேல சும்மா ஈரம். அந்தப் பனிக்கோடுதான் உள்ள திரவம் நிக்கிற மட்டம். மட்டம் இறங்க இறங்க சூடு வாங்குற பரப்பும் குறையும், இன்னும் மோசமாகும். ஃபோன் பண்ணா ரெகுலேட்டர் பத்தல பெருசா மாத்திரலாம்னு ஒரு பில் போட்டாரு, மாத்தியும் ஒண்ணும் ஆகல. அடுத்து அவரோட ஆளு ஒருத்தர் எங்க பசங்ககிட்ட கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, இல்ல சிலிண்டர கவுத்து வைங்கன்னு சொல்லிட்டு போயிருக்காரு! தயவுசெஞ்சு இத யாரும் செய்யாதீங்க. கவுத்தா திரவமே லைன்ல இறங்கி பர்னர்ல வரும், ஆளே எரிஞ்சு போவாங்க.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. நம்ம எல்பிஜில புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கு, புரோப்பேன் முதல்ல ஆவியாயிரும், பின்னால தங்குறது பெரும்பாலும் பியூட்டேன், அது குளிர்ல எந்திரிக்கவே மாட்டேங்குது. காலின்னு திருப்பி அனுப்புற சிலிண்டர தராசுல வெச்சு, சிலிண்டர் மேல போட்டிருக்கிற காலி எடையக் கழிச்சுப் பாருங்க. எங்களுக்கு ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு கிலோ மிச்சம் இருந்துச்சு, காசு குடுத்த கேஸு அப்படியே திரும்பிப் போயிட்டு இருந்திருக்கு.

கடைசில வேற ஆளு வெச்சு 47.5 கிலோ எல்ஓடி சிலிண்டருக்கு மாறுனோம், பக்கத்துக்கு மூணு. அதுல கேஸா எடுக்காம திரவமா எடுத்து, கரண்ட்ல ஓடுற வாட்டர் பாத் வேப்பரைசர்ல ஆவியாக்குறாங்க. இப்ப சிலிண்டர் எண்ணிக்கை ஸ்டாக்குக்கு மட்டும்தான், மூணுக்கு 142 கிலோ, ரெண்டு நாளைக்கு மேல தாங்கும். மணிக்கு 10 கிலோவ ஆவியாக்க மட்டும் ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலதான் சூடு வேணும், ஆனா வேப்பரைசர லோடுக்கு ஒன்றரை மடங்காவது வாங்குங்க. முதல்ல சொன்ன ஆளும் இதுக்கு ஒரு கொட்டேஷன் குடுத்தாரு, விலை கம்மி, பாத்தா தண்ணி சூடு குறைஞ்சா திரவத்த நிறுத்துற சொலினாய்டு வால்வே அதுல இல்ல. அது இல்லாம கரண்ட் போனா திரவம் நேரா கிச்சனுக்கு வந்துரும். வேப்பரைசர ஜெனரேட்டர் லைன்லயும் போட்டு, சாதா சிலிண்டர் கொஞ்சம் தனியா ஸ்டான்ட்பையாவும் வெச்சிருக்கோம்.

கொட்டேஷன்ல மணிக்கு எத்தன கிலோன்னு எழுதி வாங்குங்க. டெஸ்ட் விடியக்காலம், பாதி தீந்த சிலிண்டர்ல, எல்லா அடுப்பும் ஒரு மணி நேரம் எரிஞ்ச பிறகுதான் பாக்கிப் பணம்னு அதுலயே போட்டுருங்க. புது ஆளுகிட்ட நாங்க அப்படித்தான் போட்டோம், அவரு மறுபேச்சு பேசாம கையெழுத்து போட்டாரு. பழைய ஆளுகிட்ட ரெகுலேட்டர் காசு இன்னும் வரல, கேட்டுட்டு இருக்கோம்.