காணாமல் போன எழுதும் சாளரம்: விசைகளால் இழுப்பதா, கோப்பைத் திருத்துவதா?

மல்லாவியிலிருந்து சித்தப்பாவின் மகள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அழைத்தாள். கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்பின் கணக்குகளைப் பார்ப்பவள். கந்தோரில் லப்டொப்புக்கு இடது பக்கத்தில் ஒரு பெரிய மொனிட்டரைப் பூட்டி வேலை செய்வாள். வார இறுதியில் வயரைக் கழற்றிவிட்டு லப்டொப்போடு பஸ் ஏறிவிடுவாள். விதைநெல் பெற்றவர்களின் பட்டியலை அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது.

"அண்ணா, இன்பொக்ஸ் ஒழுங்காத்தான் தெரியுது. புது மெயில் எழுதத் திறந்தா ஒண்டும் வருதில்லை. ஆனா கீழ பட்டையில ரெண்டு காட்டுது."

அந்தக் கடைசி வரியிலேயே விடை இருந்தது. பட்டையில் இரண்டு காட்டினால் சாளரம் திறந்திருக்கிறது, நம் திரைக்கு வெளியே நிற்கிறது. அவள் மின்னஞ்சலுக்குப் பாவிக்கும் தண்டர்பேர்ட் செயலி தன் முதன்மைச் சாளரத்தின் இடத்தையும் எழுதும் சாளரத்தின் இடத்தையும் தனித்தனியாகக் குறித்து வைக்கிறது. இன்பொக்ஸை லப்டொப் திரையிலும், எழுதும் சாளரத்தை மொனிட்டரிலும் வைத்துப் பழகியவருக்கு, மொனிட்டர் போன பிறகும் இரண்டாவது குறிப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் ஒன்று தெரிகிறது, மற்றது தெரிவதில்லை.

எந்த வழியில் இறங்கினாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாளரமும் தட்டச்சை வாங்கிக்கொள்ளும். எதையாவது எழுதியிருந்தால் Ctrl+S அழுத்துங்கள், வரைவாகச் சேமிக்கப்பட்டுவிடும். பதற்றத்தில் Task Manager மூலம் தண்டர்பேர்டைக் கொன்றால் கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு எழுதியது போய்விடும்.

சரி, வழிகளுக்கு வருவோம். மிகச் சுலபமானது Win+P அழுத்தி "PC screen only" என்பதைத் தெரிவது. ஆனால் விண்டோஸ் இன்னும் இரண்டாவது திரை இருப்பதாக நம்பும்போது மட்டுமே இது உதவும். டிவியை நிறுத்திவிட்டு வயரைக் கழற்றாமல் விட்டவர்களுக்கு அப்படி நடக்கும். Settings, System, Display என்று போய்ப் பார்த்தால் 1, 2 என இரு பெட்டிகள் தெரியும். தங்கச்சியின் லப்டொப்பில் ஒரு பெட்டிதான் தெரிந்தது. ஆகவே இந்த வழி அவளுக்கு இல்லை. திரைக்குத் திரை சாளரத்தை மாற்றும் Win+Shift+அம்பு விசையும் அதே காரணத்தால் பயனில்லை. போவதற்கு இன்னொரு திரை வேண்டுமே.

அடுத்தது Win+இடது அம்பு. சாளரத்தைத் திரையின் இடது பாதியில் ஒட்டவைக்கும் விசை இது. பல நேரங்களில் வெளியே நிற்கும் சாளரமும் இதற்குக் கட்டுப்பட்டு உள்ளே வரும். அவள் அழுத்தியதும் இன்பொக்ஸ்தான் இடது பாதிக்குப் போனது. விசை எப்போதும் முன்னுக்கு நிற்கும் சாளரத்துக்குத்தான் போகும். எழுதும் சாளரம் முன்னுக்கு வந்ததா என்று பார்க்கவும் முடியாது. முதலில் பட்டையில் அந்தச் சின்னத்தின் மேல் மவுஸை வைத்து, மேலே எழும் சிறு படங்களில் எழுதும் சாளரத்தினுடையதைச் சொடுக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு "விசை வேலை செய்யவில்லை" என்பவர்களே அதிகம்.

தொலைபேசியில் வழிகாட்டும்போது நான் தேர்ந்தெடுப்பது Alt+Space வழிதான். சிறு படத்தைச் சொடுக்கிய பிறகு Alt+Space, அடுத்து M. பிறகு ஏதாவது ஓர் அம்பு விசையை ஒரேயொரு தடவை. அந்த ஒரு தட்டலோடு சாளரம் மவுஸ் சுட்டியில் ஒட்டிக்கொள்ளும், விசையை விட்டுவிட்டு மவுஸை அசைத்தால் சாளரம் கூடவே வரும். சரியான இடத்தில் ஒரு சொடுக்கு. முழுத்திரையாக விரிந்த நிலையில் இருந்தால் M வேலை செய்யாது. அப்போது Alt+Space, R கொடுத்து இயல்பு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி முயலவேண்டும்.

இதை நான் மேலாக வைப்பதற்குக் காரணம் உண்டு. Win+இடது அம்பு சாளரத்தைப் பாதித் திரைக்கு நெருக்கிவிடும். Alt+Space அளவைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றுகிறது. அந்த நிலையிலேயே சாளரத்தை மூடினால் புது இடம் குறிக்கப்பட்டு, அடுத்த தடவையும் அங்கேயே திறக்கும். தங்கச்சிக்கு மூன்றாவது முயற்சியில் சாளரம் வந்தது. பட்டியலும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் விசைவழி எல்லா இடத்திலும் கை கொடுக்காது. புதுக்குடியிருப்பில் ஒரு நண்பரின் கணினியில் Alt+Space அழுத்தினால் தேடல் பெட்டி ஒன்று வந்து நின்றது. மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் துணைக்கருவிகளை நிறுவியிருந்தார், அதன் தேடல் கருவி அந்த விசைகளை எடுத்துக்கொண்டிருந்தது. பட்டையிலுள்ள சிறு படத்தை வலச்சொடுக்கு செய்து Move எடுத்திருக்கலாம். அவருக்கோ இது வாரா வாரம் வரும் தொல்லை. ஆகவே குறிப்பு இருக்கும் கோப்பையே திறந்தோம்.

தண்டர்பேர்டில் Help, Troubleshooting Information என்று போனால் Profile Folder என்ற வரியில் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். கோப்புறை திறந்ததும் தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட வேண்டும். திறந்திருக்கும்போது திருத்தினால், மூடுகையில் தன் பழைய கணக்கை மேலே எழுதி நம் திருத்தத்தை அழித்துவிடும். xulstore.json கோப்பை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, நோட்பேடில் திறந்து msgcomposeWindow என்று தேடினோம். கிடைத்தது இப்படி:

```
"msgcomposeWindow":{"screenX":"-1632",
"screenY":"88","width":"1100",
"height":"780","sizemode":"normal"}
```

கோப்பில் இது வரி உடையாமல் ஒரே நீளமாக இருக்கும். லப்டொப் திரையின் இடது ஓரம் 0. அவர் இடது பக்கத்தில் பூட்டும் மொனிட்டர் 1920 புள்ளி அகலமானது, அதனால் அதன் இடங்கள் எல்லாம் கழித்தல் எண்கள். -1632இல் தொடங்கி 1100 அகலம் ஓடினால் சாளரம் -532இல் முடிந்துவிடும். ஒரு நூல் அளவுகூட லப்டொப்பில் தெரியாது. மொனிட்டர் வலப்பக்கம் இருந்திருந்தால் திரையின் அகலத்தைவிடப் பெரிய எண் நின்றிருக்கும்.

screenX-ஐ 100 ஆக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. அவருடைய திரை 1366×768. 780 உயரமுள்ள சாளரம் 88இல் தொடங்கினால் அடி கீழே மறைந்துவிடும், இணைப்புக் கோப்புகளின் பட்டை இருப்பதும் அங்கேதான். கோப்பு இணைந்ததா என்று பார்க்காமலே அனுப்ப வேண்டிவரும். ஆகவே screenY 40, height 640 என்றும் மாற்றினோம். மேற்கோள் குறிகளையும் காற்புள்ளிகளையும் தொடவே கூடாது.

xulstore.json கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. சரியாகும்தான், மின்னஞ்சல்களுக்கும் ஆபத்தில்லை. ஆனால் மின்னஞ்சல் பட்டியலில் நிரல்களின் அகலம், கருவிப்பட்டை ஒழுங்கு போன்ற அமைப்புகளும் சேர்ந்து போய்விடும். ஓர் எண்ணுக்காக அத்தனையையும் விட நான் சம்மதிக்கமாட்டேன்.

நண்பர் திங்கட்கிழமை மொனிட்டரைப் பூட்டி, அதிலேயே எழுதி, அதிலேயே மூடினால் பழைய கழித்தல் எண் திரும்ப வந்து உட்காரும். அதனால் வயரைக் கழற்றுவதற்கு முன் ஒரு வெற்று எழுதும் சாளரத்தைத் திறந்து, லப்டொப் திரைக்கு இழுத்து, அங்கேயே மூடச் சொன்னேன். தங்கச்சியும் இப்போது பஸ் ஏறுமுன் அதைத்தான் செய்கிறாள்.