டென்ஷன்ல சிப்ஸ்: வாங்காமலே இருக்கிறதா, மாத்தித் திங்கிறதா, இல்ல டைமிங்கையே மாத்துறதா?

டென்ஷன் வந்தா வாய்க்கு ஏதாச்சும் வேணும்ங்கற ஆளுங்களுக்கு பொதுவா மூணு வழி சொல்லுவாங்க. வீட்டுக்குள்ளயே வாங்கி வைக்காதேங்கறது ஒண்ணு. அதுக்கு பதிலா நல்லதா வேற தின்னுங்கறது ரெண்டாவது. எந்த நேரத்துல, எது நடந்தா கை டப்பாவுக்கு போகுதுன்னு பாத்து, அந்த இடத்துல முன்கூட்டியே வேற ஒண்ண செட் பண்ணி வைங்கறது மூணாவது. மூணையும் பாத்துட்டு இப்ப மூணாவதுல நிக்கறேன், அதனால அதைப் பத்தித்தான் ஜாஸ்தி பேசுவேன், முதல்லயே சொல்லிடறேன்.

வீடு எட்டிமடை, வேலை வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல. மாசம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பின்னு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் பண்ண கடைசி நாள், இந்த ரெண்டு தேதியும் நெருங்கினா ஆபீஸே சூடாயிரும். பஸ் ஸ்டாப்புக்கு எதுக்கால தேங்காயெண்ணெயில நேந்திரங்கா சிப்ஸ் சுடச்சுட போட்டுக்கிட்டே இருப்பாங்க. இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்னு நினைக்கறேன்.

வாங்காமலே இருக்கிற வழி கொஞ்ச நாளைக்கு நல்லாவே வேலை செய்யும், கண்ணுல படலைன்னா பாதி ஆசை வராது, அது நிஜம். ஆனா எங்க வீட்டுல மாமனாருக்கு சாயங்கால டீயோட மிக்சர் வேணும், பசங்களுக்கு முறுக்கு வேணும், எனக்காக எல்லாத்தையும் நிறுத்த முடியாது. இன்னொண்ணு, 'இது கூடவே கூடாது'ன்னு கட்டுப்பாடு போட்டவங்க ஒரு வாய் தின்னுட்டா 'அதான் போச்சே'ன்னு மிச்சத்தையும் முடிச்சிருவாங்க. இதை 1975லயே ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணி காட்டியிருக்காங்க, சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கறவங்களுக்கு முதல்ல மில்க்‌ஷேக் குடுத்தா, அப்புறம் ஐஸ்கிரீமை குறைச்சு சாப்பிடறதுக்கு பதிலா ஜாஸ்தியா சாப்பிட்டாங்களாம். தடை எவ்வளவு கடுமையோ, உடையும்போது அவ்வளவு சேதம்.

மாத்தித் திங்கிற வழி கேக்க அழகா இருக்கும். வறுத்த வேர்க்கடலை, மக்கானா, கேரட் துண்டுன்னு. ஆனா வேர்க்கடலை ஒண்ணும் லேசான சரக்கு இல்ல, 100 கிராம்ல 500 கலோரிக்கு மேல, சிப்ஸும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். கேரட்டை பாத்தா கோபத்துல இருக்கற வாய் திருப்தியே ஆகாது, கேரட்டையும் தின்னுட்டு அப்புறம் சிப்ஸையும் தின்போம். ஏன்னா அந்த நேரத்துல வேணும்ங்கறது சாப்பாடே இல்லயே.

இங்கதான் மூணாவது வழி வித்தியாசப்படுது. முதல்ல ஒரு பழைய டைரியில நாலே நாலு விஷயம் எழுதணும்: மணி என்ன, கடைசியா எப்ப சாப்பிட்டேன், சரியா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன தின்னேன். கலோரி எழுதவே கூடாது, எழுதினா அது டயட் ஆயிரும், மனசு பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். ஒரு ஃபைலிங் சீசன் முழுக்க எழுதினா போதும், பேட்டர்ன் தானா தெரியும்.

எனக்கு தெரிஞ்சது என்னன்னா, 'டென்ஷன்ல திங்கறேன்'னு நான் ஒரே பேர்ல சொல்லிக்கிட்டிருந்தது உண்மையில ரெண்டு தனித்தனி விஷயம். சாயங்காலம் அஞ்சரைக்கு பஸ் ஸ்டாப்புல வர்றது முக்கால்வாசி பசி. மத்தியானம் பன்னண்டே முக்காலுக்கு சாப்பிட்டா அஞ்சு மணி நேரம் கேப், அதோட ஆபீஸ் டென்ஷனும் சேந்துக்குது. ராத்திரி பத்து மணிக்கு வர்றது பசியே இல்ல, சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆயிருக்கும், ஆபீஸ் வாட்ஸப் குரூப்புல 'நாளைக்கு காலைல முதல் வேலையா'ன்னு ஒரு மெசேஜ் வந்த உடனே கால் தானா கிச்சனுக்கு போகும். பசி மெதுவா ஏறும், எதைக் குடுத்தாலும் அடங்கும். மனசு கேக்கறது சட்டுனு வரும், குறிப்பா அந்த உப்பும் மொறுமொறுப்பும்தான் வேணும்னு அடம் பிடிக்கும். எங்க ஆபீஸ் சேச்சி ஒரு டெஸ்ட் சொல்லுவாங்க, "இப்ப ரெண்டு இட்லி குடுத்தா திம்பியா?" திம்பேன்னா பசி, ச்சேன்னா மனசு. இது நூத்துக்கு நூறு சரியா வராது, ரெண்டும் கலந்தும் வரும்.

பசிக்கு மருந்து சாப்பாடுதான். அதனால நாலு மணிக்கே ஆபீஸ்ல ஒரு டப்பா சுண்டல், இல்ல அவிச்ச நேந்திரம்பழம். மூணு நாலு மணி நேரத்துக்கு மேல பட்டினி கிடக்காம நேரத்துக்கு சாப்பிடறதுதான், அடக்கமுடியாம சாப்பிடற பிரச்சனைக்கு சிபிடிங்கற, யோசிக்கறதையும் நடந்துக்கறதையும் மாத்தற பேச்சு சிகிச்சை குடுக்கறவங்களும் முதல்ல சொல்றது. இதைச் செஞ்ச உடனே பஸ் ஸ்டாப் பிரச்சனை பெரும்பாலும் போயிருச்சு. சிப்ஸ் வாசனை இன்னும் வரத்தான் செய்யுது, ஆனா இழுக்கறதில்ல.

ராத்திரி கேஸுக்கு சாப்பாடு பதில் இல்ல. அதுக்கு 'இது நடந்தா இதைச் செய்வேன்'னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிற முறை. பீட்டர் கோல்விட்சர்ங்கற ஜெர்மன் உளவியல்காரர் 1999ல இதைப் பத்தி எழுதின கட்டுரை ரொம்ப பேசப்பட்டது. 'இனிமே கண்ட்ரோலா இருப்பேன்'ங்கறது வேலைக்கு ஆகாது, நேரமும் இடமும் இருக்கணும். என்னோடது இப்படி: பத்து மணிக்கு குரூப்புல மெசேஜ் வந்தா, 'காலைல பாக்கறேன்'னு ஒரு வரி அனுப்பிட்டு, போனை ஹால் மேஜைல சார்ஜ்ல போட்டுட்டு, கேரளாவுல குடிக்கற, பதிமுகம்ங்கற மரத்துண்டு போட்ட தண்ணி கொதிக்க வெச்சு டம்ளரோட மாடிக்கு போயிருவேன். பதிமுகம் அடுப்பு பக்கத்துலயே கண்ணுக்கு நேரா இருக்கும், மிக்சர் டப்பா மேல் அலமாரில ஸ்டூல் போட்டு எடுக்கற இடத்துல. அந்த பத்து பதினஞ்சு நிமிஷம் போனா ஆசை பெரும்பாலும் தணிஞ்சிருக்கும். தண்ணியில மந்திரம் ஒண்ணும் இல்ல, கைக்கு ஒரு வேலை, கிச்சன விட்டு வெளிய, மெசேஜ விட்டு தூரம், இந்த மூணும் கிடைக்குது. சிப்ஸும் அந்த நேரத்துல எனக்கு குடுத்தது கொஞ்ச நேர தப்பிப்புதான், அதனால மாத்தும் தப்பிப்பா இருக்கணும். உங்களுக்கு கோபம்தான் ட்ரிகர்னா மாடியில சும்மா நிக்கறது பத்தாது, வேகமா ஒரு கால் மணி நேரம் நடக்கணும்.

மூணுல எதை எடுக்கறதுங்கறதுக்கு நான் வெக்கற ஒரே அளவுகோல், ரொம்ப மோசமான நாள்ல அது நம்மகிட்ட என்ன வேலை கேக்குதுங்கறது. சும்மா இருக்கற ஞாயித்துக்கிழமை மூணுமே ஜெயிக்கும். 19ஆம் தேதி ராத்திரி, ரெண்டு பக்க கணக்கையும் சரிபாக்கற ரீகன்சிலியேஷன் ஒத்துவராம, தூக்கமும் இல்லாம, அப்பத்தான் தெரியும். வாங்காம இருக்கற வழி அப்ப நிமிஷத்துக்கு நிமிஷம் 'வேண்டாம்' சொல்லச் சொல்லும், பக்கத்து கடை திறந்திருந்தா முடிஞ்சுது. மாத்தித் திங்கிற வழி கேரட் நறுக்கச் சொல்லும், அந்த நேரத்துல யாரு நறுக்கறது? மூணாவதுல வேலை எல்லாம் முன்னாடியே முடிஞ்சது, அடுப்ப பத்த வெச்சா போதும். இதுக்கும் பராமரிப்பு உண்டு. பதிமுகம் தீந்து போய் யாரும் வாங்கி வைக்கலைன்னா செயினே அறுந்துரும், வீட்டுல விருந்தாளிங்க வந்து மாடி ரூம் அவங்களுக்கு போச்சுன்னாலும் அப்படித்தான். அதனால வாசத்திண்ணைன்னு ரெண்டாவதா ஒரு இடம் வெச்சிருக்கேன். மூணு நாளைக்கு மேல தொடர்ந்து நழுவுச்சுன்னா என்னை திட்டிக்கறதில்ல, டைரிய திருப்பி எடுத்து ட்ரிகர் மாறிருச்சான்னு பாப்பேன்.

தனிமையில, துக்கத்துல திங்கறவங்களுக்கு இது எவ்வளவு உதவும்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், என் கேஸ் வேலை டென்ஷன்தான். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரைய ரொம்ப இறக்கற மாத்திரையோ எடுக்கறவங்களுக்கு திடீர்னு வெறி பசி, நடுக்கம், வேர்வைன்னு வந்தா அது மனசு இல்ல, சர்க்கரை இறங்கியிருக்கலாம், டைரி எழுதிட்டு உக்காராம உடனே டெஸ்ட் பண்ணி இனிப்பா எதாச்சும் எடுத்துக்கணும். அதே மாதிரி நிறுத்தவே முடியலங்கற உணர்வோட, குறைஞ்ச நேரத்துல ஏகப்பட்டது சாப்பிடறது வாரத்துக்கு ஒரு தடவையாவது மூணு மாசமா நடக்குதுன்னா, இல்ல சாப்பிட்டத வாந்தி எடுத்து வெளிய தள்றீங்கன்னா, அது இந்த மூணு வழிக்கும் அடங்காத விஷயம், மனநல டாக்டர் ஒருத்தர பாக்கறதுதான் சரி.