சிவப்புப் பந்து 80 ஓவர் வரை: ஸ்விங் எங்கிருந்து வருகிறது, எப்போது போகிறது

கடையில் புதிய நான்கு துண்டு தோல் கிரிக்கெட் பந்தை வாங்கும்போது பலர் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். முதலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியது சீம், அதாவது பந்தின் நடுவே சுற்றி ஓடும் தையல் மேடு. ஆறு வரிசைத் தையல், ஏறக்குறைய 2 செ.மீ. அகலம், தோலின் மட்டத்துக்கு மேல் 1 மி.மீ. அளவு புடைப்பு. பந்து காற்றிலேயே பக்கவாட்டில் வளையும் ஸ்விங் முழுக்க அந்த 1 மி.மீ.யில் இருக்கிறது.

பந்து பறக்கும்போது அதன் தோலை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஓடுகிறது. இதற்கு எல்லைப்படலம் என்று பெயர். வழுவழுப்பான பக்கத்தில் இந்தப் படலம் சீராக, அடுக்கு கலையாமல் ஓடும். ஆனால் அதற்குத் தெம்பு குறைவு. பந்தின் முன்முனையிலிருந்து சுமார் 80 டிகிரி போவதற்குள் தோலை விட்டுப் பிரிந்துவிடும். மறுபக்கத்தில் சீம் குறுக்கே நின்றால், படலம் அதில் இடறிக் கொந்தளிப்பாக மாறுகிறது. கொந்தளிப்பு வெளியே வேகமாகப் போகும் காற்றைத் தோல்வரை இழுத்துக் கலப்பதால், படலம் இன்னும் தூரம், ஏறத்தாழ 120 டிகிரி வரை, ஒட்டிக்கொண்டே போகிறது. அதிக தூரம் ஒட்டி ஓடும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. பந்து அந்தப் பக்கம் தள்ளப்படுகிறது. அதனால்தான் சீம் ஸ்லிப்பைப் பார்த்தால் பந்தும் ஸ்லிப்பை நோக்கிப் போகிறது.

இனி சாய்வு, அதாவது பந்து போகும் திசையிலிருந்து சீம் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பது. புதியவர்களில் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். பந்தின் விட்டம் சுமார் 7.2 செ.மீ. அதில் 2 செ.மீ. சீம் என்றால், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் தலா 16 டிகிரியை அது அடைத்துக்கொள்கிறது. நீங்கள் 8 டிகிரி மட்டும் சாய்த்தால் சீமின் ஓர் ஓரம் முன்முனையைத் தாண்டி மறுபக்கத்திலும் கிடக்கும். அங்கும் படலத்தைக் கலைக்கக்கூடும். இரு பக்கமும் கலைந்தால் வித்தியாசம் ஏது? 20 டிகிரி சாய்த்தால் முழுச் சீமும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுகிறது. காற்றுச் சுரங்கச் சோதனைகளிலும் நல்ல பலன் வந்தது 20 டிகிரி அருகில்தான். வேகம் மணிக்கு 110 கி.மீ. அளவு, பின்சுழற்சி நொடிக்கு 11 சுற்று அளவு.

பின்சுழற்சி சீமை ஆடாமல் பிடித்துவைக்கிறது, ஓடும் சைக்கிள் சக்கரம் விழாமல் நிற்பதுபோல. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் இருபுறமும் இருக்க, கடைசியாகப் பந்தைத் தொடுவது விரல்நுனியாக இருக்க வேண்டும். மணிக்கட்டு பக்கவாட்டில் சரிந்தால் சீம் ஆடும். கைப்பேசியில் மெதுவாக்கிய காணொளி எடுத்துப் பாருங்கள்: தையல் தெளிவான ஒரே பட்டையாகத் தெரிந்தால் சரி, அகன்று மங்கலாகத் தெரிந்தால் சீம் ஆடுகிறது.

எவ்வளவு வளையும்? நல்ல புதுப்பந்தில் பக்கவிசை எடையின் 30 சதவீதத்தைத் தொடலாம். அதாவது பக்கவாட்டு முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 3 மீட்டர். நொடிக்கு 30 மீட்டரில் 18 மீட்டர் போக 0.6 நொடி. 0.5 × 3 × 0.36 = 0.54 மீட்டர், அரை மீட்டருக்கு மேல். முதல் பாதித் தூரத்தில் 13 செ.மீ.தான் நகரும், மீதி 40 செ.மீ. பேட்ஸ்மேன் பக்கத்துப் பாதியில். “லேட் ஸ்விங்” என்று பேசப்படுவதில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான்.

பயன்பாட்டில் முதல் 10–15 ஓவர் சுகம். பிறகு சீம் அமுங்கும். கூக்கபுராவில் வெளி வரிசைகள் இயந்திரத் தையல் என்பதால் இது சீக்கிரம் தெரியும். முழுக்கக் கையால் தைத்த டியூக்ஸ், எஸ்ஜி பந்துகளில் சீம் அதிக நேரம் எழும்பி நிற்கும். கூடவே வழுவழுப்பான பக்கமும் சிராய்த்து, அதன் படலமும் தானே கலையத் தொடங்கும். அதனால்தான் ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பந்து பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளையும் அவுட்ஸ்விங்குக்கு அந்தப் பளபளப்பு லெக் பக்கம் இருக்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் எச்சிலுக்கு 2022 முதல் நிரந்தரத் தடை; வியர்வை போதும். இரு பக்கமும் தேய்ப்பவர் உதவவில்லை, கெடுக்கிறார்.

வேகம் கூடினாலும் இதே சிக்கல். மணிக்கு 140 கி.மீ. தாண்டும்போது வழுவழுப்பான பக்கமும் சீமின் உதவியில்லாமல் கலைகிறது. அப்போது சீம் உதவாமல் உபத்திரவமாகிறது: தன் பக்கப் படலத்தைத் தடிமனாக்கி முன்னதாகவே பிரியவைக்கிறது. பந்து எதிர்ப்பக்கம் வளைகிறது. ரிவர்ஸ் ஸ்விங் இதுதான். பழைய பந்தில் முன்பக்கம் சொரசொரப்பாகிவிடுவதால், இதைவிடக் குறைந்த வேகத்திலேயே அது கிடைக்கும்.

மேகமூட்டத்தைப் பற்றி மைதானத்தில் கேட்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் இலேசானது; கனத்த காற்று பந்தைத் தள்ளுகிறது என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது. பந்து ஸ்விங் ஆகாத நாளில் வானத்தைப் பார்க்கும்முன் காணொளியில் சீமைப் பாருங்கள்.