காரைக்குடியில் வாங்கிய 70 ரூபாய் சாக்கெட்: ஓர் எச்சரிக்கை

அப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்காக கானாடுகாத்தான் பக்கம் உள்ள எங்கள் பழைய வீட்டைத் திறந்தோம். வருடத்தில் பத்து நாள்கூட ஆள் இருக்காத வீடு. சொந்தக்காரர்கள் தங்குவார்கள் என்று பின்கட்டுக் குளியலறையில் ஒரு கீசர் மாட்டினோம். சுண்ணாம்புப் பூச்சை உடைக்க மனம் வரவில்லை. அதனால் ஒயரை பிளாஸ்டிக் கேசிங்கில் போட்டு, தேக்கு உத்திரத்தை ஒட்டியே இழுத்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சாமான் வாங்கியது காரைக்குடியில் ஒரு கடையில். 16 ஆம்ப் சாக்கெட்டும் ப்ளக்கும் வழக்கமான விலையில் பாதிகூட இல்லை. சாக்கெட் வெறும் 70 ரூபாய். "அதே கம்பெனி மால்தான் அண்ணே, பில் வேண்டாம்னா இந்த ரேட்டு" என்றார் கடைக்காரர். டப்பாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன்.

விசேஷத்துக்கு முதல் நாள் காலை, ஆள் மாற்றி ஆள் குளித்ததில் கீசர் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. திடீரென்று ஆச்சி, "விசேஷ வீட்டில எவன்டா கருவாடு சுடுறது?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. சுவிட்சு, சாக்கெட் செய்யும் ஒருவகை பிளாஸ்டிக் சூடேறிக் கருகும்போது மீன் வாடைதான் வரும். போய்ப் பார்த்தால் சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறி உருகிக்கிடந்தது. மெயினை அணைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினால், ஒரு பின் கறுத்துப்போய் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான்: மின்சாரம் அளவு மீறினால் தானே அணைய வேண்டிய எம்.சி.பி. ஏன் விழவில்லை? மறுநாள் வந்த வேறொரு எலக்ட்ரீசியன் கணக்குப் போட்டுக் காட்டினார். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 8.7 ஆம்ப். எம்.சி.பி.யோ 16 ஆம்ப். அதைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது. கோளாறு, பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில். நல்ல சாக்கெட்டில் கனமான பித்தளைத் தகடு பின்னை இறுக்கிப் பிடிக்கும். எங்கள் சாக்கெட்டில் மெல்லிய தகடு. ஒருமுறை சூடானதும் பிடி தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் 0.3 ஓம் தடை வந்தாலே 22 வாட்டுக்கு மேல் சூடு, ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்ன் அளவு, அந்தச் சின்ன இடத்தில். சூட்டில் உலோகம் கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். தேக்கு மரம் பற்றிக்கொள்ளும்வரை எம்.சி.பி.க்கு ஒன்றுமே தெரியாது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ப்ளக் பின்னில் வைத்தார். சட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையானால் ஒட்டாது, இது முலாம் பூசிய இரும்பு. (சாக்கெட் உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் திருகும் நல்ல சரக்கிலும் இரும்பாக இருக்கலாம். அதனால் பின்னில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.)

அப்புறம் மிச்சமிருந்த ஒயர்ச் சுருளைப் பார்த்தோம். லேபிளில் 2.5 சதுர மி.மீ., 90 மீட்டர், காப்பர். அந்த அளவுக்குச் செம்பு மட்டுமே சுமார் 2 கிலோ இருக்க வேண்டும், மேலுறை தனி. பிரிக்காத சுருளைச் சமையல்காரரின் தராசில் வைத்தால் மொத்தமே 1,450 கிராம்! இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை; செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். அலுமினியத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்காது, சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும்: ஒயருக்கு ஐ.எஸ். 694, ப்ளக், சாக்கெட்டுக்கு 1293, சுவிட்சுக்கு 3854. கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். எங்கள் டப்பாவில் முத்திரை மட்டும் மொட்டையாக நின்றது. ஒயரில் உரிம எண் இருந்தது. அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் BIS Care செயலியில் அடித்துப் பார்த்தால், ஒயருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு பொருளின் உரிமம்! ஆனால் கள்ளச் சரக்குக்காரன் அசல் கம்பெனியின் எண்ணையே அச்சடித்தால் செயலியும் ஏமாறும். அதனால்தான் தராசும் காந்தமும் பில்லும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "சாக்கெட்டுக்கு 70 ரூபா தர்றேன். சுருள் எங்ககிட்ட வாங்கினதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பில் இல்லையே, நான் என்ன சொல்ல? போட்டோக்களோடு அந்தச் செயலியிலேயே புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பேசினேன். ஒயர் முழுவதையும் உருவிப் போட்டாகிவிட்டது. விசேஷத்தன்று எல்லோருக்கும் பின்கட்டு விறகடுப்பில் அண்டா வைத்துத்தான் வெந்நீர்.