'வுடல' என்றால் எந்தக் காலம்? மொழிபெயர்ப்பு ஆப்போடு மூன்று வருடம்

தண்டையார்பேட்டையில் ஒரு டிரெய்லர் புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிக் கன்டெய்னரை ஃபேக்டரியில் ஏற்றி, துறைமுக கேட்டுக்குள் கொண்டுபோய் விடும்வரை எங்கள் பொறுப்பு. டிரைவர்கள் வாட்ஸ்அப்பில் தமிழில்தான் எழுதுவார்கள். பார்ட்டிகளின் ஆபீஸ் மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருக்கும். அவர்களுக்கு இங்கிலீஷில் போக வேண்டும். நடுவில் இருப்பது நானும் என் போனில் உள்ள மொழிபெயர்ப்பு ஆப்பும். மூன்று வருடமாகத் தினமும் முப்பது நாற்பது வாக்கியங்களாவது அதில் போடுகிறேன். எல்லாமே மூன்று நான்கு சொல் வாக்கியங்கள்தான். அதனால் நீளமான கட்டுரைகளை அது எப்படிப் பெயர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வாக்கியத்தில் காலமும் பொருளும் நிற்கிறதா என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

'வண்டி கிளம்பியது', 'லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்', 'நாளை காலை வருகிறேன்' போன்றவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. கடைசி வாக்கியத்தில் வினை நிகழ்காலம், பொருள் எதிர்காலம். 'நாளை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆப் சரியாகவே 'வில் கம்' போட்டுவிடும். சிக்கல் எல்லாம் 'இல்லை' என்று முடிகிற வாக்கியத்தில்தான்.

முதல் வருடத்தில் நடந்தது இது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டிகள் வரிசைகட்டி நின்ற ஒரு ராத்திரி. எங்கள் வண்டியும் அதில் நின்றது. கப்பலுக்குக் கட்-ஆஃப் ராத்திரி 2 மணி. அதற்குள் கன்டெய்னர் கேட்டுக்குள் போயாக வேண்டும். 9.40க்கு டிரைவரிடமிருந்து மெசேஜ் வந்தது: "கேட்ல உள்ள வுடல ண்ணா". 'வுடல' ஆப்புக்குப் புரியாது என்று அப்போதே தெரியும். அதனால் 'கேட்டில் உள்ளே விடவில்லை' என்று மாற்றிப் போட்டேன். 'தே டிட் நாட் லெட் இன்' என்று வந்தது. இலக்கணப் பிழை இல்லாத இங்கிலீஷ். அப்படியே பார்ட்டிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

டிரைவர் சொன்னது, 'இன்னும் விடவில்லை, வரிசையில் நிற்கிறேன்' என்று. பார்ட்டி படித்தது, 'உள்ளே விட மறுத்துவிட்டார்கள்' என்று. பேப்பரில் ஏதோ கோளாறு, வண்டியைத் திருப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கன்டெய்னரை அடுத்த கப்பலுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வண்டி 11.50க்கே கேட்டைத் தாண்டிவிட்டது. கட்-ஆஃப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அந்தக் கப்பலின் பட்டியலில் எங்கள் கன்டெய்னர் இல்லை. ஒரு வாரம் துறைமுகத்திலேயே கிடந்து, வாடகையும் ஏறியது. பாதியை எங்கள் ஆபீஸ் கட்டியது. மெசேஜை அனுப்பியது நான் என்பதால் இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். வந்தான், வருகிறான், வருவான் என்பவற்றில் நடுவில் வரும் துணுக்குதான் காலத்தைக் காட்டுகிறது. ஸ்கூலில் இடைநிலை என்று படித்தோமே, அதுதான். 'வரவில்லை'யைப் பிரித்தால் 'வர' என்பதும் 'இல்லை' என்பதும்தான் கிடைக்கும். இரண்டிலும் காலம் காட்டும் துணுக்கு இல்லை. நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை, நாளைக்கு நான் வரவில்லை என்று மூன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். யார் என்பதும் அதில் தெரியாது. நான் வரவில்லை, அவன் வரவில்லை, வண்டி வரவில்லை எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான். நமக்கு இது குறையாகவே படாது. பேசுகிற இடமும் நேரமும் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது. 'டிட் நாட்', 'ஹேவ் நாட்', 'ஆர் நாட்' என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தனி வாக்கியமாகக் கொடுத்தால் நான் பார்த்தவரை ஆப் பெரும்பாலும் 'டிட் நாட்' பக்கம்தான் சாய்கிறது. அதாவது, முடிந்துபோன கதையாக்கிவிடுகிறது.

அப்புறம் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. நிறைய பேர் செய்வதும் அதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க, வந்த இங்கிலீஷைத் திரும்பத் தமிழில் போட்டுப் பார்ப்பேன். பழையபடி அதே தமிழ் வந்தால் சரி என்று விட்டுவிடுவேன். 'டிட் நாட் லெட் இன்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'உள்ளே விடவில்லை' என்று அச்சு அசலாக வரும். வராமல் எப்படி இருக்கும்? 'விடவில்லை' மூன்று காலத்தையும் தாங்கும் சொல். இங்கிலீஷில் எதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும், தமிழுக்குத் திரும்பும்போது அந்தத் தப்பு அதற்குள் மறைந்துவிடும். காலம் நின்றதா என்று பார்க்க இந்த வழி உதவவே உதவாது. ஒரு வருடம் போல இதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்வது வேறு. ஆப்பில் போடுவதற்கு முன்னாலேயே தமிழில் காலத்தைப் பிரித்துவிடுகிறேன். எழுத்துத் தமிழில் அதற்கு வழி நிறையவே இருக்கிறது. வரிசையில் காத்திருந்தால் 'இன்னும் உள்ளே விடவில்லை'. மறுத்திருந்தால் 'உள்ளே விட மறுத்துவிட்டார்கள்'. வழக்கமாகவே அனுமதி இல்லை என்றால் 'உள்ளே விடுவதில்லை'. ஒருமுறைகூட விட்டது கிடையாது என்றால் 'விட்டதில்லை'. இனிமேல் நடக்காது என்றால் 'விடப்போவதில்லை'. இந்த ஐந்தும் இங்கிலீஷில் ஐந்து விதமாக வருகின்றன. பொருளும் பெரும்பாலும் நிற்கிறது. 'இன்னும்' போட்டால் 'யெட்' வருகிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்வேன். அது வந்துவிட்டால் காலம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, தனி வாக்கியத்தை விட இரண்டு வாக்கியம் சேர்த்துப் போட்டால் நன்றாக வருகிறது. 'வண்டி வரிசையில் நிற்கிறது. உள்ளே விடவில்லை.' என்று போட்டால் பல நேரம் 'இன்னும்' இல்லாமலேயே 'ஹேவ் நாட்' வந்திருக்கிறது. எப்போதும் இல்லை.

காலம் அப்படியே நின்றும் பொருள் போய்விடுவது வேறு ரகம். டிரைவர் "வந்துட்டேன் ண்ணா" என்பார். அப்போது அவர் திருவொற்றியூரில் இருப்பார். ஆபீஸுக்கு வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். வீட்டில் 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுத்துவிட்டு அப்போதுதான் செருப்பைத் தேடுவோமே, அதே கதைதான். வினை இறந்தகாலம், சொல்ல வருவது, நிச்சயம் வருகிறேன், கவலை வேண்டாம் என்பது. ஆப் 'ஐ ஹேவ் அரைவ்ட்' என்று வினைக்கு உண்மையாகப் பெயர்த்துவிடும். இதில் ஆப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. போன் போட்டு 'எங்க இருக்கே?' என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

வடசென்னைப் பேச்சு இதற்கெல்லாம் மேலே. "வந்துகினு கீறேன்" என்று எங்கள் டிரைவர்களில் பாதிப் பேர் எழுதுவார்கள். வந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான். நடந்துகொண்டிருக்கிறது என்ற பொருளைத் தாங்குவதே அந்தக் 'கினு', 'கீறேன்' இரண்டும்தான். ஆப் 'கீறேன்' என்பதைப் பார்த்துவிட்டு எதையோ கீறுவதாகப் பெயர்த்தது. மூன்று வருடத்தில் இது கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனாலும் நம்பி அனுப்பும் அளவுக்கு இல்லை. இந்த மாதிரி மெசேஜை நானே எழுத்துத் தமிழாக்கிவிடுகிறேன். அந்த ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தால் பின்னால் பெரிதாகச் செலவாகும்.

வேலைக்கு வெளியே ஒன்று. என் அக்கா மகள் வெளிநாட்டில் பிறந்தவள், தமிழ் படிக்கத் தெரியாது. அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி ஸ்கூலில் எழுத வேண்டும் என்று கேட்டாள். 'தாத்தா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போவார். வவ்வால் மீன் வாங்கி வருவார்.' என்று எழுதி ஆப்பில் போட்டு அனுப்பினேன். போவார், வருவார் என்றால் நமக்கு அந்த நாளில் அவருடைய வழக்கம். இங்கிலீஷில் 'வில் கோ', 'வில் பிரிங்' என்று போய்ச் சேர்ந்தது. தாத்தா எப்போது மீன் வாங்கி வருவார் என்று குழந்தை அக்காவிடம் கேட்டிருக்கிறது. அக்கா போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 'அந்தக் காலத்தில்' என்று முன்னால் சேர்த்து, 'போவது வழக்கம்' என்று முடித்திருந்தால் 'யூஸ்ட் டு கோ' என்று வந்திருக்கும். பிறகு போட்டுப் பார்த்தேன், வந்தது. கப்பல் விஷயத்திலும் இதே ஆபத்து உண்டு. 'கப்பல் வியாழக்கிழமை வரும்' என்றால் வாராவாரமா, இந்த வாரமா? 'வியாழன்தோறும்' அல்லது 'வருகிற வியாழன்' என்று எழுதினால்தான் ஆப்புக்கு வழி தெரிகிறது.

புதிதாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேகத்துக்காக வைத்துக்கொள்ளலாம், நானும் விடப்போவதில்லை. 'ல', 'இல்லை' என்று முடிகிற வாக்கியத்தையும், 'உம்', 'வார்' என்று முடிகிற வாக்கியத்தையும் மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். பணமோ நேரக்கெடுவோ சம்பந்தப்பட்டதென்றால் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் கண் அதில் பட வேண்டும்.

டிரைவர்களிடமும் ஒன்று சொல்லிவைத்தேன். வேறு எதையும் மாற்ற வேண்டாம், காத்திருந்தால் முன்னால் ஒரு 'இன்னும்' போடுங்கள், திருப்பிவிட்டால் போன் பண்ணுங்கள் என்று. போன வாரம் ராத்திரி 1 மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது: "இன்னும் உள்ள வுடல ண்ணா, முன்னாடி பத்து வண்டி கீது". 'வுடல'வையும் 'கீது'வையும் மட்டும் மாற்றி அப்படியே அனுப்பினேன். மும்பையிலிருந்து ஓகே என்று பதில் வந்தது.